குடும்பப் படங்களும் வீடியோக்களும்: வீட்டில் நாஸ் பெட்டியா, கட்டணக் கிளவுடா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க வீட்டுப் போட்டோ, வீடியோ எல்லாம் சேர்த்து ஒரு டிபி தாண்டிடுச்சு. நாஸ் வாங்கலாமா, கிளவுடுக்குக் காசு கட்டலாமா?

இரண்டு டிபிக்குள் அடங்கும் வரை கிளவுட் திட்டமும், கூடவே வீட்டில் ஒரு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கும் போதும். பெரும்பாலான வீடுகளுக்கு நாங்கள் சொல்வது இதுதான். நாஸ் என்பது ரவுட்டரோடு கேபிளில் இணைத்து, நாள் முழுக்க ஓடவிடும் ஒரு சிறிய கணினி. அதற்குள் ஹார்ட் டிஸ்க் இருக்கும். மென்பொருளைப் புதுப்பிப்பதும், டிஸ்க் எச்சரிக்கை வந்தால் கவனிப்பதும், பேக்கப் ஓடியதா என்று பார்ப்பதும் உங்கள் பொறுப்பு. மாதம் அரை மணி நேரமாவது அதற்கு ஒதுக்க வீட்டில் ஓர் ஆள் வேண்டும்.

அப்படி ஓர் ஆள் இருந்து, கேசட்டிலிருந்து மாற்றிய வீடியோக்களோ, கல்யாண வீடியோக்காரர் கொடுத்த முழுப் பதிவோ சேர்ந்து இரண்டு டிபியைத் தாண்டப் போகிறது என்றால், அப்போது நாஸுக்கு அர்த்தம் உண்டு. நான்கு பேரின் போன் படங்களை ஒரே இடத்தில் சேர்ப்பதும் அதில் எளிது.

அஞ்சு வருஷத்துக்குக் கணக்குப் பார்த்தா எது மலிவு?

நான்கு பேர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். போன்களில் இருந்து வந்தது 520 ஜிபி. மினி டிவி கேசட் 24 இருக்கிறது. ஒரு மணி நேரக் கேசட்டைத் தரம் குறையாமல் கணினியில் ஏற்றினால் சுமார் 13 ஜிபி ஆகும், ஆக 312 ஜிபி. பழைய அச்சுப் படங்கள் 3,000: நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை 600 டிபிஐயில் வண்ணமாக ஸ்கேன் செய்து டிஃப் கோப்பாக வைத்தால் ஒன்று 26 எம்பி, மொத்தம் 78 ஜிபி. கல்யாண வீடியோக்கள் 190 ஜிபி. எல்லாம் சேர்த்து 1,100 ஜிபி. ஆண்டுக்கு 150 ஜிபி கூடுகிறது. இதைக் கூட்டுவது படங்களல்ல, வீடியோதான்: போனில் 4கே தரத்தில் எடுத்தால் ஒரு நிமிடத்துக்கே 170 முதல் 350 எம்பி வரை போகும்.

கூகுளின் 2 டிபி திட்டம் இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,500 ரூபாய் என்று வைத்தால் ஐந்து ஆண்டுக்கு 32,500. வீட்டில் ஒரு பிரதிக்கு 4 டிபி யுஎஸ்பி டிஸ்க், சுமார் 12,000. மொத்தம் 44,500.

நாஸ் வழியில், இரண்டு டிஸ்க் போடும் பெட்டி 20,000, 4 டிபி டிஸ்க் இரண்டு 24,000, யுபிஎஸ் 4,000, வேறு வீட்டில் வைக்கும் யுஎஸ்பி டிஸ்க் 12,000. மின்சாரத்தையும் சேர்க்க வேண்டும்: 18 வாட் இழுக்கும் பெட்டி ஆண்டு முழுக்க ஓடினால் சுமார் 158 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,100, ஐந்தாண்டில் 5,500. மொத்தம் 65,500. டிஸ்க் விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். வாங்கும் நாள் விலையைப் போட்டுப் பாருங்கள். ஆனாலும் இந்த அளவில் நாஸ் மலிவாக வருவது அபூர்வம்.

கணக்கு திரும்புவது ஆறாம் ஆண்டில். 1,100 ஜிபி அப்போது 2,000ஐத் தொடுகிறது, கிளவுடில் அடுத்த படிக்கு ஏற வேண்டும், கட்டணம் இரண்டு மடங்குக்கு மேல் போகும். நாஸில் இன்னும் பாதி இடம் காலியாக இருக்கும். கேசட்டுகள் 24க்குப் பதில் 100 இருக்கும் வீடு என்றால் முதல் நாளிலிருந்தே நாஸ்தான் சரி.

ரெண்டு டிஸ்க் போட்டு ரெய்டு பண்ணிட்டேன். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கே, அப்புறம் எதுக்குப் பேக்கப்?

இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தகவலை எழுதும் ரெய்டு 1 காப்பாற்றுவது ஒரே ஒரு ஆபத்திலிருந்து: ஒரு டிஸ்க் பழுதாவது. அந்த நேரத்தில் பெட்டி நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் அதே நொடியில் இரண்டு டிஸ்க்கிலும் அது அழிகிறது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கணினிக்குள் வந்து நாஸ் ஃபோல்டரையும் பூட்டினால் இரண்டு டிஸ்க்கிலும் பூட்டிய கோப்புதான் இருக்கும். பெட்டியின் மின்சுற்றில் அதிக வோல்டேஜ் புகுந்தாலும், திருடன் பெட்டியைத் தூக்கிப் போனாலும், 2015 டிசம்பரில் சென்னையில் நடந்தது போலத் தரைத்தளத்தில் வெள்ளம் ஏறினாலும் இரண்டும் சேர்ந்தே போகும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு டிஸ்க்குக்கும் வயது ஒன்று, உழைப்பு ஒன்று. அடுத்தடுத்துப் பழுதாவதும் உண்டு.

அழித்த கோப்பை மீட்க, ஃபோல்டர் அன்று இருந்த நிலையை அப்படியே பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் வேண்டும். பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறையில் பெட்டியை அமைத்தால் நாளுக்கு ஒன்று வீதம் 30 நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்; மாறிய பகுதிக்கு மட்டுமே இடம் பிடிக்கும். ஆனால் ஸ்னாப்ஷாட்டும் அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது. எனவே யுஎஸ்பி டிஸ்க் ஒன்றில் மாதம் ஒரு முறை முழுப் பிரதி எடுத்து, கழற்றி, வேறு வீட்டில் வையுங்கள். பெட்டியின் பின்னால் எப்போதும் செருகியே கிடக்கும் டிஸ்க் பேக்கப் ஆகாது.

கிளவுட்ல போட்டுட்டா பத்திரம்தானே? கூகுள் டிஸ்க்கா கெட்டுப்போகப் போகுது?

அவர்கள் டிஸ்க் பழுதாகி உங்கள் படம் போகும் வாய்ப்பு மிகக் குறைவு. கிளவுடில் படம் தொலைவது வேறு வழிகளில்.

முதலாவது, அது பேக்கப் அல்ல, ஒத்திசைவு. போனில் இடமில்லை என்று கூகுள் போட்டோஸ் செயலிக்குள்ளேயே படத்தை அழித்தால் கிளவுடிலும் அழியும். குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், பிறகு இல்லை. ஐகிளவுட் போட்டோஸிலும் இதே கதை, அங்கே 30 நாள். போனில் மட்டும் இடம் விடுவிக்க அதற்கென்று இருக்கும் `Free up space` வழியாகத்தான் போக வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் போனை "சுத்தம் செய்யும்" போது நடக்கும் இழப்பு பெரும்பாலும் இதுதான், இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிய வரும்.

இரண்டாவது, கட்டணம். குடும்பத் திட்டத்தைக் கட்டுபவரின் கார்டு காலாவதியாகிப் பணம் போகாவிட்டால் எல்லோருக்கும் இடம் சுருங்கி, தலைக்கு இலவச 15 ஜிபிக்கு வந்துவிடும். அதற்கு மேல் நிரம்பிய கணக்கில் புதுப் படம் ஏறாது. ஜிமெயிலில் கடிதமும் வராது, அதனால் பலர் அன்றே கண்டுபிடிக்கிறார்கள். அளவுக்கு மீறிய நிலையிலேயே இரண்டு ஆண்டு விட்டால் அழிக்கும் உரிமை கூகுளுக்கு உண்டு. இரண்டு ஆண்டு யாருமே திறக்காத கணக்குக்கும் அதே விதி. தாத்தாவின் பழைய போன் கணக்கில் மட்டும் படங்கள் இருந்தால் இன்றே அதில் ஒரு முறை உள்நுழையுங்கள்.

மூன்றாவது, கணக்கே மூடப்படுவது. மருத்துவருக்குக் காட்டுவதற்காகத் தன் குழந்தையின் உடலில் வீக்கத்தைப் படமெடுத்த ஓர் அமெரிக்கத் தந்தையின் கணக்கை, தானியங்கிச் சோதனை அதைக் குழந்தை ஆபாசப் படம் என்று தவறாகக் குறித்ததால் கூகுள் மூடியது. போலீஸ் விசாரித்துக் குற்றமில்லை என்ற பிறகும் கணக்கு திரும்பவில்லை என்று 2022-ல் செய்தி வந்தது. அரிதுதான். ஆனால் அந்த ஒரு கணக்கில்தான் இருபது ஆண்டுப் படங்களும் இருக்கின்றன என்றால் அரிது என்பது ஆறுதல் ஆகாது. மேலே சொன்ன யுஎஸ்பி டிஸ்க் கிளவுட்காரர்களுக்கும் கட்டாயம் என்பது இதனால்தான்.

குடும்பத் திட்டத்துல அஞ்சு பேரைச் சேர்த்தா எல்லார் படமும் ஒண்ணா வந்துடுமா?

வராது. பகிரப்படுவது இடம் மட்டும்; படங்கள் அவரவர் கணக்கில் தனித்தனியாகவே இருக்கும், ஒருவருடையதை இன்னொருவர் பார்க்க முடியாது. சேர்த்துப் பார்க்கப் பகிர்வு ஆல்பம் வேண்டும். அதில் ஒருவர் போட்ட படம் அவர் கணக்கு மூடினால் ஆல்பத்திலிருந்தும் போய்விடும், எனவே முக்கியமானவற்றைக் குடும்பப் பொறுப்பாளர் தன் கணக்கில் சேமித்துக்கொள்ள வேண்டும். ஏற்றும் தரம் `Original quality` என்று இருக்கிறதா என்று ஒவ்வொரு போனிலும் பாருங்கள். `Storage saver` என்றிருந்தால் படம் அழுத்தப்பட்டு, 16 மெகாபிக்சலுக்கு மேல் உள்ளவை சுருக்கப்பட்டுத்தான் போகும். பிறகு திரும்பப் பெற முடியாது.

டிஸ்க் எது வாங்கறது? கடையில விலை குறைஞ்சதைக் காட்டி இதே போதும்ங்கறாங்க.

டிஸ்க் எழுதும் முறை சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா என்று மட்டும் கேளுங்கள். சிஎம்ஆர் டிஸ்க்கில் தகவல் எழுதும் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் அவை ஓட்டுக்கூரையின் ஓடுகள் போல ஒன்றன் மேல் ஒன்று ஏறி இருக்கும். ஒன்றை மாற்ற வேண்டுமானால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். படங்களை ஒரு முறை நகலெடுத்து அலமாரியில் வைக்கும் யுஎஸ்பி டிஸ்க்குக்கு இது பரவாயில்லை. நாஸுக்குள் இது தொல்லை. ஒரு டிஸ்க் பழுதாகிப் புதிதைப் போட்டால் ரெய்டு அதை முழுக்க நிரப்ப வேண்டும்: 4 டிபி சிஎம்ஆர் டிஸ்க் விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் ஏழரை மணி நேரத்தில் முடிக்கும். எஸ்எம்ஆரில் வேகம் விழுந்து நாள்கணக்கில் இழுக்கும். சில சமயம் பெட்டி பொறுமையிழந்து புது டிஸ்க்கையே பழுது என்று தள்ளிவிடும். மீதமிருக்கும் ஒற்றை டிஸ்க்கை நம்பி இருக்கும் அந்த நேரம்தான் மிக ஆபத்தானது.

"நாஸுக்கானது" என்ற பெயரை மட்டும் நம்ப முடியாது. டபிள்யூடி ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் என்பது 2020-ல் வெளிவந்தது. அதற்குப் பிறகுதான் சிஎம்ஆர் டிஸ்க்குகள் ரெட் பிளஸ் என்று பிரிந்தன. சீகேட்டில் அயர்ன்வுல்ஃப் வரிசை சிஎம்ஆர். 4 டிபி டிஸ்க் கணினியில் 3.6 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தில் எண்ணுகிறார், கணினி 1,024-ல் எண்ணுகிறது.

வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கு. தனியா யுபிஎஸ் வேணுமா?

வேண்டும், காரணம் இரண்டு. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்த நொடிப்பொழுது இடைவெளியில் மின்விசிறிக்கு ஒன்றும் ஆகாது, நாஸ் அணைந்து எழலாம். எழுதிக்கொண்டிருந்த தகவல் பாதியில் அறுபடும். மறுபடி எழுந்ததும் இரண்டு டிஸ்க்கும் ஒன்றாக இருக்கிறதா என்று பெட்டி மணிக்கணக்கில் சரிபார்க்கும். இரண்டாவது காரணம் பெரியது: இன்வெர்ட்டர் பேட்டரி தீரப்போவதை நாஸிடம் சொல்ல முடியாது. யுஎஸ்பி வழியாகப் பேசும் 600 விஏ யுபிஎஸ் சொல்லும். அதன் கேபிளை நாஸில் செருகி, "கரண்ட் போய் ஐந்து நிமிடமானால் பத்திரமாக அணை" என்று அமைக்க வேண்டும். கேபிள் இல்லாத மலிவு யுபிஎஸ் வாங்கினால் பாதிப் பயன்தான். உங்கள் நாஸ் நிறுவனத்தின் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பெட்டியை மூடிய டிவி அலமாரிக்குள் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் டிஸ்க் 50 டிகிரியைத் தாண்டும். எறும்புக்கும் பல்லிக்கும் அந்தக் கதகதப்பு ரொம்பப் பிடிக்கும்.

வெளியூர்ல இருந்து நாஸைத் திறக்கணும். ரவுட்டர்ல போர்ட் திறந்து விட்டாப் போதுமா?

திறக்கவே வேண்டாம். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர், இணையத்துக்கு நேராகத் திறந்திருந்த கியூநாப் பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டி, ஆளுக்கு 0.03 பிட்காயின் கேட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில் டபிள்யூடி மை புக் லைவ் பெட்டிகளை வெளியிலிருந்தே யாரோ தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிட, உள்ளே இருந்தது அழிந்தது. இரண்டிலும் உரிமையாளர்கள் தவறாக எதையும் சொடுக்கவில்லை. பெட்டி வெளியே தெரிந்ததே போதுமாக இருந்தது.

இந்தியாவில் வீட்டு இணைப்பு பலவற்றில் போர்ட் திறந்தாலும் வேலை செய்யாது. ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடும் சிஜிநாட் முறையில் நிறுவனம் இணைப்பு தருவதால், வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் ரவுட்டருக்கே வந்து சேராது. ரவுட்டரில் தெரியும் வெளி முகவரி `100.64` முதல் `100.127` வரையிலான எண்களில் தொடங்கினால் அது சிஜிநாட். இரண்டு சிக்கலுக்கும் மருந்து ஒன்றுதான்: நாஸிலும் போன்களிலும் உங்கள் கருவிகளை மட்டும் தனி வலையாக இணைக்கும் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் செயலியை நிறுவுங்கள். இணைப்பு உள்ளிருந்து வெளியே போவதால் போர்ட் எதுவும் திறக்க வேண்டாம். கூடவே, `admin` என்ற கணக்கை முடக்கி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, குடும்பத்தாருக்கு அழிக்கும் உரிமை இல்லாத கணக்குகள் கொடுங்கள்.

கூகுள் போட்டோஸ்ல இருந்ததை எல்லாம் வீட்டுக்கு இறக்கினேன். பாதிப் படத்துக்குத் தேதி மாறிப்போச்சு.

`takeout.google.com` வழியாக இறக்கும்போது ஒவ்வொரு படத்தோடும் ஒரு `.json` கோப்பு வரும். போன் கேமராவில் எடுத்த படத்துக்குள் எடுத்த தேதி பதிந்தே இருக்கும், அதற்குச் சிக்கலில்லை. வாட்ஸாப்பில் வந்த படத்திலும், ஸ்கேன் செய்து நீங்கள் கூகுளில் கையால் தேதி போட்ட படத்திலும் அது இல்லை. அந்தத் தேதி அந்த `.json` கோப்பில் மட்டும்தான் இருக்கிறது. படங்களை மட்டும் நகலெடுத்து அதைக் குப்பை என்று தூக்கிப்போட்டால் தேதியும் போயிற்று. எனவே இறக்கிய ஜிப் கோப்புகளை அப்படியே ஒரு டிஸ்க்கில் வைத்துவிட்டு, நகலில் `exiftool` என்ற நிரலைக் கொண்டு தேதியைப் படத்துக்குள் எழுதுங்கள். கோப்புப் பெயர் நீளமாக இருந்தால் `.json` பெயர் நடுவில் வெட்டுப்பட்டுப் படத்தோடு பொருந்தாமல் போகும். அவை கொஞ்சம்தான் இருக்கும், கையால் சரிசெய்ய வேண்டியதுதான்.

ஜிப் அளவை 50 ஜிபி என்று தேர்ந்தால் 520 ஜிபிக்கு 11 கோப்புகள் வரும். 2 ஜிபி என்று விட்டால் 260 வரும், ஏதாவது ஒன்று விடுபடும். இறக்கும் இணைப்பு ஒரு வாரத்தில் காலாவதியாகும் என்பதால் நேரம் உள்ள வாரத்தில் கேளுங்கள். எதிர்த்திசையும் இதேபோல்: 40 எம்பிபிஎஸ் ஏற்றும் வேகத்தில் 1,100 ஜிபியை மேலே அனுப்ப நிற்காமல் இரண்டரை நாள் ஆகும். திட்டத்தில் மாத வரம்பு இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள்.

பத்து வருஷத்துப் படம் கெட்டுப்போயிருக்கான்னு ஒவ்வொண்ணாத் திறந்து பார்க்காமத் தெரிஞ்சுக்க வழி உண்டா?

உண்டு. சினாலஜி பெட்டி என்றால் பகிர்வு ஃபோல்டரை உருவாக்கும்போதே `Enable data checksum for advanced data integrity` என்ற கட்டத்தைக் குறியிடுங்கள். பிறகு அந்த ஃபோல்டருக்குப் போட முடியாது. அதோடு சில மாதங்களுக்கு ஒரு முறை தகவல் துப்புரவு ஓட அட்டவணை இட்டால், ஒரு டிஸ்க்கில் கெட்ட பகுதியை மற்றதில் உள்ள நல்ல பிரதியிலிருந்து தானே திருத்திக்கொள்ளும்.

யுஎஸ்பி டிஸ்க்கில் இந்த வசதி இல்லை. அதற்குப் பட்டியல் முறை: ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கைரேகை எடுத்து எழுதி வைப்பது. `kudumbam`, `pattiyal` என்ற பகிர்வு ஃபோல்டர்கள் உள்ள நாஸில் ஒரு முறை:

```
cd /volume1/kudumbam
find . -name '@eaDir' -prune -o -type f -exec sha256sum {} + > /volume1/pattiyal/2025.txt
```

பட்டியலை யுஎஸ்பி டிஸ்க்குக்கும் நகலெடுத்து, ஒரு லினக்ஸ் கணினியில் நகல் ஃபோல்டருக்குள் நின்று:

```
sha256sum -c --quiet ../2025.txt
```

எல்லாம் சரியென்றால் ஒன்றும் பேசாது. `FAILED` என்று வந்த கோப்பை மட்டும் மற்றப் பிரதியிலிருந்து எடுத்துப் போடுங்கள். ஒரே டிஸ்க்கில் பல கோப்புகள் இப்படி வந்தால் அந்த டிஸ்க்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

எனக்கு ஏதாவது ஆயிட்டா வீட்டுல இருக்கறவங்க இதை எப்படி எடுப்பாங்க?

கூகுளில் `Inactive Account Manager` என்ற அமைப்பு இருக்கிறது. மூன்று முதல் 18 மாதம் வரை கணக்கில் நடமாட்டம் இல்லையென்றால், நீங்கள் குறித்த பத்துப் பேர் வரை தகவல் போய், அவர்கள் படங்களை இறக்கிக்கொள்ளலாம். ஆப்பிளில் `Legacy Contact`, அதற்கு உருவாகும் திறவுச் சாவியை அச்சிட்டுக் கொடுத்து வைக்க வேண்டும்.

நாஸில் இப்படி யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். ஃபோல்டரைக் குறியாக்கம் செய்து சாவி உங்கள் தலையில் மட்டும் இருந்தால், டிஸ்க் நல்லபடியாக இருந்தும் படம் கிடையாது. நிறுவனத்தாலும் திறக்க முடியாது. குடும்பப் படங்களுக்கு நாங்கள் குறியாக்கமே வேண்டாம் என்போம், வேறு வீட்டில் வைக்கும் டிஸ்க்கும் சாதாரண ஃபோல்டர்களாகவே, எக்ஸ்ஃபேட் வடிவில் இருக்கட்டும். எந்த லேப்டாப்பில் செருகினாலும் திறக்கும். ஆதார், சொத்துப் பத்திரங்களின் ஸ்கேன்களை மட்டும் தனியாகப் பூட்டி வையுங்கள். ஒரு தாளில் பெட்டி எங்கே, கணக்குப் பெயர், கடவுச்சொல், மற்ற டிஸ்க் யார் வீட்டில் என்று நான்கு வரி எழுதிப் பத்திரங்கள் இருக்கும் பீரோவில் வைத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பக்கத்தில் நிற்காமல், அந்தத் தாளை மட்டும் பார்த்து வீட்டில் ஒருவரை 2009 தீபாவளிப் படத்தை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.